பட்டியலை மூடிவைத்துக் கேளுங்கள்

சிற்றலை வானொலி கேட்பவர்களின் பதிவேட்டில் 'நாடு' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் இப்போதெல்லாம் மிக எளிதாக நிரம்பிவிடுகிறது என்பதுதான் என் குறை. வானொலியில் ஒரு குரல் கேட்கிறது. கைப்பேசியில் உள்ள அலைவரிசைப் பட்டியலைத் திறக்கிறோம். அந்த நேரத்தில் அந்த எண்ணுக்கு நேராக எந்த நாடு இருக்கிறதோ அதை அப்படியே எழுதிவிடுகிறோம். காது செய்ய வேண்டிய வேலையைப் பட்டியல் செய்து முடித்துவிடுகிறது.

நம் பள்ளிகளில் அறிவியல் செயற்பாங்குத் திறன் என்று சொல்லித் தருகிறோம் அல்லவா? அதில் உற்றறிதல் முதலில் வரும், ஊகித்தல் அதற்குப் பிறகு வரும். பட்டியலைப் பார்த்து எழுதும் பதிவில் இந்த வரிசை தலைகீழாகிறது. ஊகத்தை முதலில் எடுத்துக்கொண்டு, கேட்டதை அதற்குள் அடக்கப் பார்க்கிறோம். பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை எப்போது திறப்பது என்பதுதான் கேள்வி. மொழி, அலைவரிசை, நிலைய அறிவிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாக எடைபோட்ட பிறகே திறக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். காதில் விழும் மொழி எந்த நாட்டில் பேசப்படுகிறதோ அந்த நாடுதான் ஒலிபரப்புகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் வெளிநாட்டு ஒலிபரப்பில் மொழி சொல்வது, நிகழ்ச்சி யாருக்காக என்பதைத்தான். யாரிடமிருந்து வருகிறது என்பதை அது சொல்வதில்லை. இதற்கு நம் தமிழே சிறந்த சான்று. கடந்த அறுபது ஆண்டுகளில் சிற்றலையில் தமிழ் கேட்ட நேயர்களுக்கு அது இந்தியாவின் ஆகாசவாணியாக இருந்திருக்கலாம். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகவும் இருந்திருக்கலாம். லண்டன் பி.பி.சி.யின் தமிழோசை 2017 ஏப்ரல் வரை சிற்றலையில் வந்தது. சீன வானொலி 1963-இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. வத்திக்கான் வானொலியும், பிலிப்பைன்ஸிலிருந்து வேரித்தாஸ் வானொலியும் தமிழில் பேசின. ஆறு நாடுகள், ஒரே மொழி. தமிழ் கேட்டவுடன் 'இந்தியா' என்று எழுதிய நேயர், ஆறில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்திருக்கிறார்.

மொழியின் உள்ளே இருக்கும் சிறு குறிப்புகளுக்கு இதைவிட மதிப்பு அதிகம். அவற்றில் நான் முதலில் நம்புவது, அறிவிப்பாளர் சொல்லும் உள்ளூர் நேரத்தை. நமது கடிகாரத்தில் இரவு மணி 8 என்று வைத்துக்கொள்வோம். மலாய் போன்ற ஒரு மொழியில் செய்தி தொடங்குகிறது. அறிவிப்பாளர் மணி ஏழு என்கிறார். அப்படியானால் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தைப் பார்த்துப் பேசுகிறார். மேற்கு இந்தோனேசியா உடனே முன்னுக்கு வருகிறது. மலேசியாவும் புருணையும் பின்னுக்குப் போகின்றன. கூடவே 'வாக்து இந்தோனேசியா பாராட்' என்ற சொற்களும் விழுந்துவிட்டால் ஐயம் பெரிதும் தீர்ந்துவிடும்.

நேரத்தை வாயால் சொல்லாதபோதும் இந்தக் குறிப்பு உதவும். செய்தி அறிக்கைகள் பெரும்பாலும் உள்ளூர் நேரப்படி முழு மணியில் தொடங்கும். நமது கடிகாரத்தில் 8.30-க்கு ஒரு நிலையம் ஏதோ முக்கியமானதைத் தொடங்குவதுபோல் மணியோசை எழுப்பினால், அதன் கடிகாரம் நம்மிலிருந்து அரை மணி பிசகி ஓடுகிறதா என்று யோசிக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது மாலை 6. மியன்மாரில் மாலை 7. மொழி ஒன்றுகூடப் புரியாவிட்டாலும், கடிகாரத்தைப் பார்த்தே இவ்வளவு நெருங்கிவிடலாம். ஆனாலும் இது குறிப்புதான், முடிவு அல்ல. அரை மணி நேர நிகழ்ச்சிகளை அடுக்கடுக்காக ஒலிபரப்பும் வெளிநாட்டுச் சேவைகளும் 8.30-க்குத் தொடங்கும்.

அடுத்தது அலைவரிசை. வானொலியின் திரையில் எண் தெளிவாகத் தெரிவதால் மூன்றிலும் இதுவே உறுதியான சான்று என்று தோன்றும். உண்மையில் ஓர் எண் ஒரு நாட்டுக்குச் சொந்தமானது அல்ல. காலையில் ஒரு நாடு பயன்படுத்திய அதே எண்ணை மாலையில் இன்னொரு நாடு பயன்படுத்தும். வெளிநாட்டு ஒலிபரப்புகளின் கால அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் மாறுகிறது. அந்த மாற்றத்தை ஒட்டிய வாரங்களில் பழைய பட்டியலை நம்பி எழுதிய பதிவு தவறாகப் போக நிறைய வாய்ப்பு உண்டு.

அப்படியானால் அலைவரிசையால் பயன் என்ன? அது எந்த நாடு என்று சொல்லாது; எந்த நாடாக இருக்க முடியாது என்று சொல்லும். காரணம் வானில் இருக்கிறது. பகலில் சூரியஒளியால், தரையிலிருந்து ஏறக்குறைய 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு உருவாகிறது. அது குறைந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அதற்கும் மேலே இருக்கும் அடுக்கு இரவிலும் நீடித்து, அலைகளைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும். ஆகவே 6 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலை பகலில் சில நூறு கிலோமீட்டருக்குத்தான் நன்றாகச் செல்லும், இரவில் பல ஆயிரம் கிலோமீட்டர் செல்லும்.

இதை வைத்து யோசித்துப் பாருங்கள். கோலாலம்பூரில் நண்பகல் 1 மணிக்கு 6 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஜப்பானிய மொழி உரக்கக் கேட்கிறது. ஜப்பான் 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அந்த அலை ஜப்பானிலிருந்து நேரடியாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒலிபரப்பும் கோபுரம் நம் பக்கத்தில் எங்கோ இருக்க வேண்டும். மொழி ஒரு நாட்டைக் காட்டுகிறது, அலைவரிசையும் நேரமும் சேர்ந்து அதை மறுக்கின்றன. இந்த முரண்பாட்டைக் கவனிப்பவர்தான் நல்ல நேயர். பட்டியலைப் பார்த்து எழுதுபவருக்கு இப்படி ஒரு முரண்பாடு இருப்பதே தெரியாது.

மூன்றாவது, நிலைய அறிவிப்பு. மூன்று சான்றுகளில் இதற்கே எடை அதிகம். நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பே பல நிலையங்கள் தங்கள் அடையாள இசையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும். நேயர் முள்ளைத் திருப்பி நிலையத்தைக் கண்டுபிடிக்க அவகாசம் தருவதற்கான ஏற்பாடு அது. ஆகாசவாணியின் தொடக்க இசையை 1930-களில் இந்தியாவில் இருந்த வால்டர் காஃப்மன் என்ற இசையமைப்பாளர் அமைத்தார். அதைக் கேட்டுப் பழகியவருக்கு மொழி தொடங்கும் முன்பே நிலையம் தெரிந்துவிடும். நியூசிலாந்து வானொலி தன் நாட்டுப் பறவை ஒன்றின் குரலையே அடையாளமாக வைத்திருக்கிறது. அடையாள இசை முடிந்ததும், மணி சரியாகத் தொடும்போது, நிலையத்தின் பெயர் சொல்லப்படும். ஆகவே முழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் முள்ளைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பது, மற்ற ஐம்பது நிமிடங்களை விடப் பயன் தரும்.

ஆனால் அறிவிப்பும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. குரல் யாருடையது என்று சொல்கிறது. அலை எங்கிருந்து கிளம்புகிறது என்று சொல்வதில்லை. இதற்கான சான்றைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பி.பி.சி. தன் தூரக்கிழக்கு ஒலிபரப்பு நிலையத்தை ஜொகூரின் தெப்ராவில் வைத்திருந்தது. 1970-களின் இறுதியில் அது சிங்கப்பூரின் கிராஞ்சிக்கு மாறியது. அதன் பின்னர் பல பத்தாண்டுகள் இந்த வட்டாரத்தில் 'பி.பி.சி. உலகச் சேவை' என்று கேட்ட ஒலியில் பெரும்பகுதி கிராஞ்சிக் கம்பங்களிலிருந்து வந்தது. ஜொகூர் பாருவில் இருந்து 9740 கிலோஹெர்ட்ஸில் அதைக் கேட்டவர், லண்டன் இவ்வளவு துல்லியமாக வருகிறதே என்று வியந்திருப்பார். வந்தது நீரிணைக்கு அப்பால், பக்கத்து ஊரிலிருந்து.

இதை எப்படி உணர்வது? தூரத்திலிருந்து வரும் சிற்றலை, பல பாதைகளில் மேலடுக்கில் மோதி வருவதால், மெல்ல ஏறி இறங்கும். சில நேரம் குரல் குழைந்து சிதையும். மிக அருகிலிருந்து தரையை ஒட்டி வரும் அலையில் இந்த அலைச்சல் இருக்காது. கால் மணி நேரம் கேட்டும் ஒலி அசையவே இல்லையென்றால், அறிவிப்பில் எந்த ஊரின் பெயர் வந்தாலும் கம்பம் பக்கத்தில்தான் என்று ஐயப்படலாம். வெறும் வலிமையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. சிற்றலை சில நூறு கிலோமீட்டரைத் தாண்டிக் குதித்துப் போய் இறங்குவதால், 300 கிலோமீட்டரில் உள்ள நிலையம் மங்கலாகவும் 3,000 கிலோமீட்டரில் உள்ளது உரக்கவும் கேட்பது வழக்கமான ஒன்று.

இந்த மூன்று சான்றுகளும் எப்படி ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதைப் பார்க்க நல்ல சோதனைக்களம் ஒன்று உண்டு. அது 10,000 கிலோஹெர்ட்ஸ், அதாவது சரியாக 10 மெகாஹெர்ட்ஸ். இரவு 8 மணிக்கு மேல் அங்கே முள்ளை வைத்தால், நம் ஊரில் பல நாள்களில் ஒவ்வொரு நொடிக்கும் 'டிக்' என்ற ஒலி கேட்கும். அது பாட்டும் பேச்சும் இல்லாத நேரக்குறி ஒலிபரப்பு. பெரும்பாலான நேரம் மொழியே இல்லை என்பதால் முதல் சான்று இங்கே விழுந்துவிடுகிறது. இரண்டாவது சான்றும் உதவாது. இதே எண்ணில் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து ஒரு நிலையம், ஹவாயிலிருந்து இன்னொரு நிலையம், சீனாவின் ஷான்சி மாநிலத்துப் புச்செங்கிலிருந்து பி.பி.எம். என்ற நிலையம் ஆகிய மூன்றும் ஒலிபரப்புகின்றன.

என் மாணவி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டுப் பதிவேட்டில் 'அமெரிக்கா' என்று எழுதியிருந்தாள். பட்டியலில் முதலில் இருந்த பெயர் அதுதான். "ஏம்மா, யாராவது பேசினாங்களா?" என்று கேட்டேன். "இல்ல சார், டிக் டிக் மட்டும்தான்" என்றாள். அப்படியானால் அவள் கேட்டது ஒரு கடிகாரத்தை மட்டுமே, ஒரு நாட்டை அல்ல. மறுநாள் இரவு பட்டியலை மூடிவைத்து, நொடிமுள் உள்ள கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கேட்கச் சொன்னேன்.

கேட்க வேண்டியவை இவை. கொலராடோ நிலையத்தில் ஒவ்வொரு நிமிடமும் முடிய ஏழெட்டு நொடிகள் இருக்கும்போது ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் நேரத்தைச் சொல்லும். ஹவாய் நிலையத்தில் அதற்குச் சற்று முன்பே, நிமிடம் முடிய 15 நொடிகள் இருக்கும்போது, ஒரு பெண் குரல் சொல்லும். இரண்டும் ஒரே நாட்டின் ஒரே அமைப்பு நடத்துபவை. ஒன்றின் பேச்சு மற்றதன் மேல் விழாமல் இருக்கவும், நேயர் பிரித்தறியவும் செய்த ஏற்பாடு இது. சீன நிலையத்தில் நிமிடத்துக்கு நிமிடம் பேச்சே கிடையாது. ஒவ்வொரு மணியிலும் 29-ஆவது நிமிடத்திலும் 59-ஆவது நிமிடத்திலும் மட்டும் அது தன் பெயரைச் சொல்லும். அந்த நிமிடத்தின் முதல் 40 நொடிகள் மோர்ஸ் ஒலிக்குறியில் பெயர் வரும். நெடில் ஒன்று, குறில் மூன்று. பிறகு குறில், நெடில் இரண்டு, குறில். பிறகு நெடில் இரண்டு. அதுதான் பி, பி, எம். எஞ்சிய 20 நொடிகளில் ஒரு பெண் மாண்டரின் மொழியில் அறிவிப்பார்.

மாணவி 8.20-லிருந்து கேட்டாள். ஒன்பது நிமிடங்கள் எந்தக் குரலும் இல்லை. அதுவே ஒரு சான்று என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க நிலையங்களில் ஒன்று நன்றாகக் கேட்டிருந்தால், ஒன்பது முறை ஆங்கிலம் வந்திருக்க வேண்டும். 8.29-க்கு மோர்ஸ் ஒலி தொடங்கியது. 40-ஆவது நொடியில் மாண்டரின் குரல் வந்தது. 'அமெரிக்கா' என்பதை அடித்துவிட்டு 'சீனா' என்று எழுதினாள். அதோடு நிற்காமல், ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோது மாண்டரின் குரலுக்கு அடியில் இன்னொரு பெண் மெல்லிய ஆங்கிலத்தில் பேசியதாகவும் குறித்திருந்தாள். நொடி 45. அதுவே ஹவாய்.

அவள் இன்னொன்றையும் எழுதியிருந்தாள்: அப்போது ஒவ்வொரு டிக்கும் இரட்டையாகக் கேட்டதாம். அதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். வானொலி அலை நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. நமக்கும் ஹவாய்க்கும் இடையே 10,000 கிலோமீட்டருக்கு மேல். அந்த டிக் வந்து சேர ஏறத்தாழ 35 மில்லிநொடி ஆகும். புச்செங் ஏறக்குறைய 3,600 கிலோமீட்டர். 12 மில்லிநொடி போதும். தவிர, பி.பி.எம். தன் குறியை 20 மில்லிநொடி முன்கூட்டியே அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்து இரண்டு டிக்குகளுக்கும் இடையே 40 மில்லிநொடிக்குச் சற்று மேல் வருகிறது. காதுக்கு அது இரட்டைத் தட்டாகக் கேட்கப் போதுமான இடைவெளி. பட்டியலில் இல்லாத ஒன்றை அவள் காது கண்டுபிடித்தது. ஒரே எண்ணில் இரண்டு நாடுகள் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தன.

அலைவரிசை எண்ணே பொய் சொல்லும் சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. பழைய, விலை குறைந்த வானொலிகள் பலவற்றில் உள்ளே 455 கிலோஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அலைவரிசை பயன்படுகிறது. அவற்றில் வலிமையான ஒரு நிலையம் தன் சரியான இடத்தில் மட்டுமன்றி, அதன் இருமடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் பேய்போல் தோன்றும். 9740-இல் உள்ள நிலையம் 8830-இலும் கேட்கும். பட்டியலில் 8830-க்கு எந்த ஒலிபரப்பும் இல்லாததைப் பார்த்துவிட்டு, ஏதோ இரகசிய நிலையத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்பவர்கள் உண்டு. இதைச் சோதிப்பது எளிது. ஐயத்துக்குரிய எண்ணுடன் 910-ஐக் கூட்டி அங்கே போய்க் கேளுங்கள். அதே சொல் அதே நொடியில் இன்னும் உரக்கக் கேட்டால், முதலில் கேட்டது பேய்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பட்டியலின் முறை வருகிறது. "இந்த நேரத்தில், இந்த எண்ணில், இந்த மொழியில் ஒலிபரப்ப யார் திட்டமிட்டிருக்கிறார்கள்?" என்ற கேள்விக்குப் பட்டியல் நன்றாகப் பதில் சொல்லும். கம்பம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் பெரும்பாலும் அதிலிருந்துதான் அறிய முடியும். காதால் அதை உறுதியாகச் சொல்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் திட்டம் வேறு, நடந்தது வேறு. நிலையம் அன்று ஒலிபரப்பாமல் போயிருக்கலாம், எண் மாறியிருக்கலாம், அதே எண்ணில் வேறொன்று மேலோங்கியிருக்கலாம்.

ஆகவே என் மாணவர்களின் பதிவேட்டில் 'நாடு' என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் மூன்று கட்டங்கள். 'யாருடைய குரல்' என்பது முதல் கட்டம். அறிவிப்பைக் காதால் கேட்டால் மட்டுமே அதில் எழுத வேண்டும். 'எங்கிருந்து' என்பது இரண்டாவது. கம்பம் இருக்கும் இடம். மூன்றாவது, 'எப்படித் தெரியும்'. அதில் 'கேட்டேன்' அல்லது 'பட்டியலில் பார்த்தேன்' என்று இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். அறிவிப்பு கேட்கும் முன் ஒலி மறைந்துவிட்டால் முதல் கட்டம் வெறுமையாகவே இருக்கும். அதற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை.

நிலையத்துக்குக் கேட்பறிக்கை அனுப்பும்போதும் இதே முறை கைகொடுக்கும். தேதி, உலகப் பொது நேரம், அலைவரிசை ஆகியவற்றோடு, கேட்ட நிகழ்ச்சியின் விவரங்களை நிமிட வாரியாக எழுத வேண்டும். செய்தியில் எது முதலில் வந்தது, எந்தக் கருவியில் இசை வந்தது, அறிவிப்பாளர் ஆணா பெண்ணா என்பவையே நீங்கள் உண்மையில் கேட்டீர்கள் என்பதற்குச் சான்று. நிலையத்தார் அதைத் தங்கள் ஒலிபரப்புக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உறுதிப்படுத்தும் அட்டையை அனுப்புவார்கள். பட்டியலில் இருக்கும் எதையும் அவர்களுக்கு எழுதி அனுப்பிப் பயனில்லை. அந்தப் பட்டியலுக்கு விவரம் தந்தவர்களே அவர்கள்தாம்.

இன்றிரவு 8.25-க்கு 10 மெகாஹெர்ட்ஸில் முள்ளை வைத்துப் பாருங்கள். நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.